பாதி நிறைந்து ஓட வேண்டிய குழாய்

கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் பாதிக்கு மேல் நிறையக் கூடாது என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மேல்பாதி காற்றுக்கு உரியது. குழாயை அடைத்துக்கொண்டு தண்ணீர் ஓடினால் பின்னாலிருக்கும் காற்றை இழுக்கும். பாத்ரூம் ட்ராப்பில் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் தண்ணீரும் அதோடு போய்விடும்.

குழாய் பாதி நிறைந்திருக்கும்போது போகும் அளவு, முழுதும் நிறைந்தபோது போவதில் பாதி. ஆனால் வேகம் குறைவதில்லை. தண்ணீர் பாதியானதைப் போலவே அது உரசுகிற சுவரும் பாதியாகிவிடுகிறது. அழுக்கு படியாமல் இருக்க வேகம் விநாடிக்கு 0.6 முதல் 0.75 மீட்டராவது வேண்டும்.

ஆறு வீடுகள் உள்ள அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு இரண்டு பாத்ரூம், ஒரு சிங்க், ஒரு வாஷிங் மெஷின். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 12056, ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சுமை எண் தருகிறது: ஆறு லிட்டர் ஃபிளஷ் டாங்க் உள்ள டாய்லெட்டுக்கு 2, வாஷ் பேசினுக்கு 0.5, ஷவருக்கு 0.6, சிங்க்குக்கும் மெஷினுக்கும் தலா 0.8. வீட்டுக்கு 7.8, ஆறு வீட்டுக்கு 46.8. எல்லாரும் ஒரே நொடியில் தண்ணீர் விடமாட்டார்கள் என்பதால் இந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, குடியிருப்புக்கு உரிய 0.5-ஆல் பெருக்குகிறார்கள். விடை விநாடிக்கு 3.4 லிட்டர். வீடுகள் பன்னிரண்டானாலும் அது 4.8 லிட்டர்தான், இரட்டிப்பாகாது.

இனி குழாய். உள்விட்டம் 100 மி.மீ. உள்ள பிளாஸ்டிக் குழாய்க்கு நூறு அடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்தால், பாதி நிறைந்த நிலையில் சுமார் 3 லிட்டர் போகும். நமக்கு அது போதாது. அறுபது அடிக்கு ஓரடி என்றால் 3.9 லிட்டர் போகும், வேகமும் விநாடிக்கு ஒரு மீட்டர் வரும். பதினைந்து மீட்டர் ஓட்டத்துக்கு 25 செ.மீ. இறக்கம் தேவை. தெருச் சாக்கடை அவ்வளவு ஆழத்தில் இல்லையென்றால் 150 மி.மீ. குழாயை நூறுக்கு ஒன்று வாட்டத்தில் போடலாம். அதில் 9 லிட்டர் போகும்.

அதற்காகப் பெரிய குழாயே எப்போதும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே ஒரு ஃபிளஷ் தண்ணீர் அகலக் குழாயில் மெல்லிய படலமாகப் பரவும். வாட்டமும் குறைவாக இருந்தால் தண்ணீர் முன்னே போய்விடும், மலம் வழியிலேயே தங்கிவிடும்.

இந்தக் கணக்கில் மழைநீர் இல்லை. ஆயிரம் சதுர அடி மாடியில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் விநாடிக்கு 1.3 லிட்டர் இறங்கும். அதை இதே குழாயில் சேர்த்தால் 4.7 ஆகிறது, 100 மி.மீ. குழாய் பாதியைத் தாண்டிவிடும். சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள்: பக்கச் சுவரில் அழுக்குக் கோடு குழாயின் நடுப்பகுதிக்கு மேலே தெரிந்தால், தண்ணீர் அந்த உயரம்வரை ஏறியிருக்கிறது. வறண்ட நாளிலும் அப்படி ஏறுகிறது என்றால், விட்டத்தைக் கூட்டுவதற்கு முன் கீழே அடைப்பு இருக்கிறதா, வாட்டம் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.