விலை இறங்கும் என்று தோன்றினால்...

ஒரு பங்கின் விலை 1,000 ரூபாய். ஒரு மாதத்தில் இறங்கும் என்று நினைக்கிறீர்கள். பங்கு கையில் இல்லை. கடன் வாங்கி விற்கலாம். அல்லது புட் ஆப்ஷன் வாங்கலாம். (ஃபியூச்சர்ஸ் வழியும் உண்டு, அதை இங்கே எடுக்கவில்லை.)

நம் ஊர் கேஷ் சந்தையில் ஷார்ட் போனால் அன்றைக்கே திரும்ப வாங்கிவிட வேண்டும். ஒரு மாதம் தாக்குப்பிடிக்க, எஸ்.எல்.பி. என்கிற பங்குக் கடன் சந்தையில் பங்கை வாடகைக்கு எடுக்க வேண்டும். பங்குக்கு 10 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், 500 பங்குக்கு 5,000 ரூபாய். இடையில் டிவிடெண்ட் வந்தால் அதையும் கடன் கொடுத்தவருக்கு நீங்கள்தான் தர வேண்டும். அதே 500 பங்குக்கு 1,000 ரூபாய் ஸ்ட்ரைக் உள்ள புட், 40 ரூபாய் பிரீமியத்தில் 20,000 ரூபாய் ஆகும்.

விலை 900 ஆனால் ஷார்ட்டில் 45,000 லாபம், புட்டில் 30,000. விலை 970-இல் நின்றால்தான் வேடிக்கை: உங்கள் கணிப்பு சரி, ஷார்ட்டில் 10,000 லாபம், புட்டிலோ 5,000 நஷ்டம். பிரீமியம் தின்றுவிட்டது. ஆனால் விலை 1,300-க்கு ஏறினால் ஷார்ட்டில் 1,55,000 போய்விடும். புட்டில் அந்த 20,000-க்கு மேல் ஒரு பைசா போகாது.

இந்த வரம்பின் அருமை 2021 ஜனவரியில் அமெரிக்காவின் கேம்ஸ்டாப் பங்கில் தெரிந்தது. ஜனவரி 22 அன்று அதன் விலை சுமார் 65 டாலர்; 27-ஆம் தேதி 347; பிப்ரவரி 19-இல் 40. 65-இல் ஷார்ட் போனவரின் கணிப்பு கடைசியில் பலித்தது. ஆனால் நடுவில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியபோது மார்ஜின் கட்ட முடியாதவர் அதற்குள் வெளியேற்றப்பட்டிருப்பார். மார்ச் மாத புட் வைத்திருந்தவரிடம் யாரும் கூடுதல் பணம் கேட்டிருக்க முடியாது.

புட் வாங்கினால் வாடகையே இல்லை என்று நினைப்பது தவறு. உங்களுக்குப் புட் விற்கும் பெரிய வியாபாரி, தன் பாதுகாப்புக்காகப் பங்கை ஷார்ட் செய்கிறார். அவருக்கு வாடகை ஏறினால் அது பிரீமியத்தில் சேர்ந்துவிடும். எல்லோரும் ஷார்ட் போகத் துடிக்கும் பங்கில் புட்டும் விலையேறித்தான் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், தனிநபருக்குப் புட்தான் சரி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்தியாவில் தனிப் பங்கு ஆப்ஷன்கள் எக்ஸ்பைரியில் பங்காகவே தீர்க்கப்படுகின்றன. லாபத்தில் இருக்கும் புட்டை அதுவரை வைத்திருந்தால் 500 பங்கை நீங்கள் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏலம், அபராதம். எக்ஸ்பைரிக்குச் சில நாள் முன்பே விற்றுவிடுங்கள்.