டிவிக்குப் பின்னால் எட்டாத வைஃபை

சனிக்கிழமை ராத்திரி, படம் சூடு பிடிக்கும் நேரம். டிவியில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. கட்டிலில் படுத்திருக்கும் மகளின் போனிலோ அதே வைஃபையில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. "போன்ல வருதே, டிவியில மட்டும் ஏன்ப்பா நிக்குது?" என்று அவள் கேட்கிறாள். அப்பா இணைய நிறுவனத்துக்கு போன் போடுகிறார். "லைன் சரியாத்தான் இருக்கு சார்" என்று பதில் வருகிறது. பெரும்பாலும் அது உண்மைதான். கோளாறு ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கிறது.

போனையும் டிவியையும் சமமாக வைத்துப் பார்ப்பதில்தான் முதல் தவறு. போனின் சின்னத் திரைக்குக் குறைந்த தரப் படமே போதும். வைஃபை தள்ளாடினால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டிவிக்கு அந்த வசதி இல்லை. அது கேட்கும் படமும் பெரியது: 1080p படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4K படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. அதுவும் விடாமல் வர வேண்டும். மொட்டைமாடித் தொட்டியைப் போலத்தான் இது. வரும் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றாலும் தொட்டியில் இருப்பது சமாளிக்கும். வரத்தைவிடச் செலவு அதிகமானால் தொட்டி வறண்டுவிடும். அப்போதுதான் வட்டம் சுற்றுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் டிவி இருக்கும் இடம். போன் கையில் இருக்கிறது, நாலு பக்கமும் திறந்த வெளி. டிவியின் வைஃபை ஆண்டெனாவோ பெரும்பாலும் பின்பக்கத்திலோ கீழ் ஓரத்திலோ, திரைக்குப் பின்னாலுள்ள உலோகத் தகட்டை ஒட்டி, சுவரைப் பார்த்தபடி இருக்கும். போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடிக்கொண்டிருக்க, விலை குறைந்த பல டிவிகளுக்கு 2.4 மட்டுமே தெரியும். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கும் இடம் அது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ரவுட்டர் ஹாலில் வாசலுக்கு மேலே, டிவி இரண்டு செங்கல் சுவர் தாண்டிப் படுக்கையறையில். நடுவில் ஒரு இரும்பு பீரோ. கட்டிலில் உட்கார்ந்து போனில் வேகம் பார்த்தால் 60 வருகிறது. பிறகு மொபைல் டேட்டாவை அணைத்து, போனை 2.4 அலைவரிசைக்கு மாற்றி, டிவியின் முதுகோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் 4. டிவி என்ன பாடு படுகிறது என்பதை இந்த இரண்டாவது எண்தான் காட்டும்.

டிவியின் யூடியூப் செயலியிலேயே இன்னொரு சாட்சி உண்டு. அமைப்புகளில் Stats for nerds என்பதைத் திறந்தால் Buffer Health என்று சில விநாடிகள் தெரியும். தொட்டியில் இருக்கும் தண்ணீர் அதுதான். எண் மெல்ல இறங்கி பூஜ்யத்தைத் தொடும்போது படம் நிற்கிறதென்றால், வரத்துதான் போதவில்லை.

ஆனால் அந்த வரத்து எங்கே அடைபடுகிறது? டிவியிலேயே கோளாறு இருக்கலாமே என்ற சந்தேகம் வரும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியின் பக்கத்தில் வைத்து, அதே வீடியோவைப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மொபைல் சிக்னல் நன்றாக இருக்க வேண்டும்; 1080p என்றால் ஏறக்குறைய 375 எம்பி செலவாகும். தடையில்லாமல் ஓடினால் டிவி நலம், வீட்டு வைஃபைதான் எட்டவில்லை. அப்போதும் நின்றால் டிவியின் செயலியோ நினைவகமோதான் திணறுகிறது. ரவுட்டரை மாற்றியும் பலன் இல்லை.

அந்த வீட்டுக்கு முதல் வேலை, செலவே இல்லாதது: பீரோ மறைக்காத இடத்துக்கு ரவுட்டரை நகர்த்துவது. அடுத்தது, ரவுட்டர் அமைப்பில் 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வைத்து, டிவியை இரண்டிலும் மாற்றி மாற்றிச் சோதிப்பது. 5 எப்போதும் மேல் என்று நினைக்க வேண்டாம். வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். 2.4-லேயே இருக்க நேர்ந்தால், சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததாகப் பார்த்து வைக்கலாம். டிவியில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிட்டும் பாருங்கள். அதன் மின்னிரைச்சல் 2.4 அலையில் கலக்கும்.

சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை டிவிக்குப் பக்கத்திலேயே மாட்டுவது வழக்கமான தவறு. அங்கே அதற்கு வருவதும் அதே நோஞ்சான் சிக்னல்தான். பாதி வழியில் மாட்டினால் உதவும், ஆனாலும் வேகத்தில் ஒரு பங்கு அதன் கூலியாகப் போய்விடும்.

சுவரோரமாக 15 மீட்டர் லேன் கேபிள் இழுக்க முடிந்தால் இத்தனை யோசனையும் தேவையில்லை. பெரும்பாலான டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும் என்பதைக் கேட்டுச் சிலர் தயங்குகிறார்கள். 15 போதும் என்ற படத்துக்கு அது தாராளம்.