மருந்துக்கு முன்னால் ஒரு பாட்டில்

காரணம் தெரியாமல் காயும் கைக்குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது சிறுநீர்ப் பரிசோதனை. அதைத் தள்ளிப்போட்டால் விலை கொடுப்பது சிறுநீரகம்.

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பல் முளைக்கிறது என்பார் பாட்டி. கண் பட்டுவிட்டது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். சிறுநீர்ப் பாதை மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பெரியவர்களுக்கு அங்கே தொற்று ஏற்பட்டால் எரிகிறது என்று சொல்வார்கள். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. காய்ச்சல் வரும், பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், சிணுங்கும். அவ்வளவுதான் அறிகுறி. சளி, இருமல், பேதி எதுவும் இல்லாமல் வெறும் காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைகளில் ஏறக்குறைய 20-ல் ஒன்றுக்குச் சிறுநீர்த் தொற்றுதான் காரணம்.

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒரு கதையைப் பார்க்கலாம். ஏழு மாதப் பெண் குழந்தை. 103 டிகிரி காய்ச்சல். தெருக்கோடி கிளினிக்கில் ஆன்டிபயாடிக் சிரப் தருகிறார்கள். சிறுநீரைப் பரிசோதிக்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விடுகிறது. சிரப்பும் நிற்கிறது. பத்து நாள் கழித்து மறுபடி காய்ச்சல், கூடவே வாந்தி. மீதியிருந்த சிரப்பை இரண்டு வேளை கொடுத்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே எடுத்த சிறுநீரில் சீழ் அணுக்கள் தெரிகின்றன. ஆனால் கல்ச்சர் பரிசோதனையில் எந்தக் கிருமியும் வளரவில்லை.

கிருமி இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. சிறுநீரகம் மருந்தை வடிகட்டிச் சிறுநீரில் செறிவாகச் சேர்க்கிறது. அதனால் ஓரிரு வேளை மருந்திலேயே சிறுநீர் சுத்தமாகிவிடலாம். சிறுநீரகத்தின் திசுவுக்குள் புகுந்த கிருமி அவ்வளவு சீக்கிரம் சாகாது. இப்போது டாக்டர் முன் இருப்பது ஊகம் மட்டுமே: எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது மசியும், இது உண்மையிலேயே சிறுநீர்த் தொற்றுதானா? முதல் ஸ்பூன் சிரப்புக்கு முன்பே சிறுநீர் எடுத்திருந்தால் மூன்றுக்கும் இரண்டு நாளில் பதில் கிடைத்திருக்கும்.

எடுக்கும் முறையும் முக்கியம். குழந்தையின் தொடையிடுக்கில் ஒட்டும் பிளாஸ்டிக் பை வசதியானதுதான், ஆனால் தோலில் உள்ள கிருமிகளும் அதில் சேர்ந்துவிடும். பையில் எடுத்த சிறுநீர் சுத்தமாக இருந்தால் ஓரளவு நம்பலாம். கிருமி இருப்பதாகச் சொன்னால் நம்ப முடியாது. பால் கொடுத்து, பிறப்புறுப்பைத் தண்ணீரால் கழுவி, சிறுநீர் பீய்ச்சும்போதே கிருமி நீக்கிய பாட்டிலில் பிடிப்பது நல்ல வழி. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றில் தடவினால் சில குழந்தைகள் சீக்கிரமே போய்விடும். அவசரமென்றால் மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தி எடுப்பார்கள். பார்க்கச் சங்கடம், ஆனால் சில நிமிட வேலை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், துவண்டு கிடக்கும் குழந்தைக்கும் இதுவே சரி: குழாயில் எடுத்தவுடன் மருந்தை ஆரம்பித்துவிடலாம், காத்திருக்க வேண்டியதில்லை.

எடுத்த சிறுநீர் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், அல்லது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். பெரும்பாலும் காரணமாக இருக்கும் ஈ.கோலி கிருமி, தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். வெயிலில் சுற்றிவந்த பாட்டில் இல்லாத நோயைக் காட்டும்.

இத்தனை கவலைக்கும் காரணம் தழும்புதான். கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வரும் அழற்சி ஆறியபின், அந்த இடத்தில் வேலை செய்யாத நார்த் திசு தங்கிவிடலாம். முதல் தொற்றுக்குப் பிறகு சுமார் 15 சதவீதக் குழந்தைகளிடம் தழும்பு காணப்படுகிறது. மருந்து இரண்டு, மூன்று நாள் தாமதமானாலும், தொற்று திரும்பத் திரும்ப வந்தாலும், சிறுநீர் பின்னோக்கிப் பாயும் கோளாறு இருந்தாலும் அபாயம் கூடுகிறது. சிறிய தழும்பு பலருக்குத் தொல்லை தராது. பெரியதாக இருந்தால் இளவயதிலேயே ரத்த அழுத்தம் வரலாம். இரண்டு பக்கமும் இருந்தால் சிறுநீரகமே செயலிழக்கலாம்.

முதல் தொற்று உறுதியானதும் அல்ட்ராசவுண்ட் எடுப்பது வழக்கம். அது சிறுநீரகத்தின் அளவையும் அடைப்பையும் காட்டும், தழும்பைத் தவறவிடலாம். தழும்பைக் காட்டுவது டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன். அதை நான்கு முதல் ஆறு மாதம் கழித்தே எடுக்கிறார்கள். புதிய புண்ணும் பழைய தழும்பும் அதில் ஒன்றுபோலத் தெரியும் என்பதே காரணம்.

அந்த ஏழு மாதக் குழந்தைக்கு ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் ஒரு தழும்பு தெரிவதாக வைத்துக்கொள்வோம். முதல் காய்ச்சல் விட்டுச் சென்றதா, இரண்டாவதா? சொல்ல முடியாது, முதல் காய்ச்சலில்தான் சிறுநீரை யாரும் பார்க்கவில்லையே. இனி வருடந்தோறும் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும். காரணம் புரியாத காய்ச்சல் எப்போது வந்தாலும், சிரப் பாட்டிலைத் திறக்கும் முன் சிறுநீர் பாட்டில் லேபுக்குப் போக வேண்டும்.