தேடப்படுபவர்: சாவி தொலைத்த நண்பன்

நண்பனின் பிறந்தநாளுக்கு ‘தேடப்படுபவர்’ நோட்டீஸ் அடிக்கப்போகிறீர்களா? காவல் நிலையச் சுவரில் ஒட்டும் நோட்டீஸின் வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்: படம், குற்றம், அங்க அடையாளம், கடைசியாகக் காணப்பட்ட இடம், சன்மானம். நடை எவ்வளவு விறைப்போ, அவ்வளவு சிரிப்பு வரும்.

எங்கள் கூட்டாளிக்கு நாங்கள் அடித்தது இது:

“குற்றம்: ஒரே வாரத்தில் பைக் சாவி 3 முறை, பர்ஸ் 2 முறை தலைமறைவு.
அங்க அடையாளம்: எல்லாப் பாக்கெட்டையும் தட்டிக்கொண்டே நிற்பார்.
கடைசியாகக் காணப்பட்டது: போனில் பேசியபடியே அதே போனைத் தேடியபோது.
சன்மானம்: பிடித்துக் கொடுப்பவருக்கு ஒரு டீ. காசு நீங்களே கொடுக்க வேண்டும்; பர்ஸ் அவரிடம் இல்லை.”

இதில் ‘மறதிக்காரன்’ என்ற சொல்லே கிடையாது. நடந்ததை மட்டும் சொல்கிறோம், பட்டம் கட்டவில்லை. கடைசி வரி, முதலில் தொலைந்த பர்ஸுக்கே திரும்புவதால்தான் சிரிப்பு வெடிக்கிறது.

நிறம், உடம்பு, சம்பளம் பக்கம் போகாதீர்கள். நிஜமான போன் எண்ணும் காவல்துறை முத்திரையும் வேண்டாம். ஒட்டுவதற்கு முன் அவனிடமே காட்டுங்கள். எந்த வரியில் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறதோ, அந்த வரியை எடுத்துவிடுங்கள்.