பதினாறில் வெட்டினால் பத்தில் தொடங்கும்!

என் மடிக்கணினியில் ஒரு நிமிட வீடியோ ஒன்று இருக்கிறது. கதை இல்லை, நடிகர் இல்லை. வண்ணப் பட்டைகள், நொடிக்கு ஒன்றாக ஏறும் ஓர் எண், பின்னணியில் ஒரு ரீங்காரம், நொடிக்கொரு ‘பீப்’. அவ்வளவுதான். ஆனால் வீடியோ வெட்டும் வேலையின் உள்வீட்டு ரகசியத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை! நீங்களும் செய்து பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் ffmpeg போதும்:

```
ffmpeg -f lavfi -i testsrc=d=60:r=25 -f lavfi -i sine=f=440:b=4:d=60 -pix_fmt yuv420p -c:v libx264 -x264-params scenecut=0 -c:a aac test.mp4
```

இப்போது கத்திரியை எடுப்போம். 16ஆம் நொடியில் தொடங்கி 8 நொடி வேண்டும்.

```
ffmpeg -ss 16 -i test.mp4 -t 8 -c copy cut.mkv
```

என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது! எப்படி இந்த வேகம்? `-c copy` என்பதுதான் மந்திரம். இதற்கு ஸ்ட்ரீம் காப்பி என்று பெயர். ffmpeg இங்கே ஒரு படத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. சுருக்கிக் கட்டிய பொட்டலங்களை அப்படியே எடுத்து வேறு பெட்டியில் அடுக்கிவிட்டது. மறுபடி என்கோட் செய்யாததால் தரம் ஒரு துளியும் குறையாது. இரண்டு மணி நேரப் படமானாலும், வட்டிலிருந்து படித்து எழுதும் நேரந்தான்.

சரி, வெட்டிய கிளிப்பைத் திறந்தால்? திரையில் தெரியும் முதல் எண் 16 இல்லை, 10! நீளம் 8 நொடி இல்லை, 14 நொடி! கேட்காத 6 நொடி முன்னால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முதல் முறை இதைப் பார்ப்பவர்கள் கட்டளையைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைப்பார்கள். கட்டளை சரிதான். காரணம் கோப்புக்குள் இருக்கிறது.

பால்காரர் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதியில் முழுசாக எழுதுகிறார்: பால் இரண்டு, தயிர் ஒன்று, மோர் ஒன்று. மறுநாள் ‘நேற்று மாதிரியே, தயிர் மட்டும் வேண்டாம்’. அதற்கு மறுநாள் ‘அதே, பால் ஒன்று கூட’. இப்படியே போகிறது. பதினாறாம் தேதிப் பக்கத்தை மட்டும் கிழித்து உங்களிடம் தந்தால் என்ன தெரியும்? ‘அதே, பால் ஒன்று குறைவு’ என்று இருக்கும். எதே? எத்தனையில் ஒன்று குறைவு? முழுக் கணக்கு எழுதிய பக்கத்துக்குப் போகாமல் அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது.

வீடியோவில் அந்த முழுக் கணக்குப் பக்கந்தான் கீஃபிரேம். முழுப் படமும் அதில் இருக்கும். மற்ற ஃபிரேம்கள் எல்லாம், பக்கத்து ஃபிரேமிலிருந்து எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் எழுதி வைப்பவை. சில ஃபிரேம்கள் பின்னால் வரப்போகும் படத்தையும் பார்த்து எழுதப்பட்டிருக்கும்! இந்தச் சிக்கனத்தால்தான் ஒரு முழுப் படம் கைபேசிக்குள் அடங்குகிறது. நம் சோதனை வீடியோவைச் சுருக்கிய எக்ஸ்264 என்கோடர், வேறு ஏதும் சொல்லாவிட்டால் அதிகபட்சம் 250 ஃபிரேமுக்கு ஒரு கீஃபிரேம் வைக்கும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் பத்து நொடிக்கு ஒன்று. நேரிலேயே பாருங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -skip_frame nokey -show_entries frame=pts_time -of csv=p=0 test.mp4
```

0, 10, 20, 30 என்று வரிசையாக இறங்கும். 16இல் கீஃபிரேம் இல்லை. எதையும் பிரிக்காமல் வெட்டுகிற ffmpeg என்ன செய்யும்? பின்வாங்கி 10ஆம் நொடியைப் பிடித்துக்கொள்ளும். வேறு வழியே இல்லை. முடிவுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நோட்டின் கடைசிப் பக்கங்களை எங்கே கிழித்தாலும் முன்னால் உள்ளவை வாசிக்கக் கிடைக்குமல்லவா? பின்னால் வருவதைப் பார்த்து எழுதிய ஃபிரேம்களால் ஓரிரு ஃபிரேம் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

`-ss 16` என்பதை `-i test.mp4`க்குப் பின்னால் நகர்த்தி வைத்தால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. இப்போது 16க்கு முந்தைய பொட்டலங்கள் எல்லாம் தூக்கி எறியப்படும். ஒலிக்குப் பிரச்சினை இல்லை. ஏஏசி ஒலியில் ஒரு பொட்டலம் 1024 மாதிரிகள், நொடியில் சுமார் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவு. எங்கே தொடங்கினாலும் ஏறத்தாழச் சரியாக இருக்கும். ‘பீப்’ உடனே கேட்கிறது. படமோ அடுத்த கீஃபிரேம் வரும்வரை, அதாவது 20ஆம் நொடி வரை, வராது. நான்கு நொடி சத்தம் மட்டும், பிறகு திடீரென்று படம்! ‘வெட்டினேன், ஆரம்பத்தில் திரை கறுப்பாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அடித்த கட்டளையில் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

இதற்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருக்கிறது. மேலே `scenecut=0` என்று போட்டேனே, அது சோதனைக்காக நான் அணைத்து வைத்த ஒரு விளக்கு. சாதாரணமாக என்கோடர் காட்சி மாறும் இடத்தை மோப்பம் பிடித்து, அங்கேயே ஒரு கீஃபிரேமை நட்டுவிடும். பழைய படத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத புதுக் காட்சிக்கு ‘நேற்று மாதிரியே’ என்று எழுதிப் பயனில்லை என்பதால். ஆகவே ஒரு சினிமாவில், ஷாட் மாறும் இடத்தில் வெட்ட நினைத்தால், அங்கே பெரும்பாலும் ஒரு கீஃபிரேம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்! மேலே சொன்ன பட்டியலை எடுத்து, வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைத் தேர்ந்துகொண்டால் போதும். மேடைக் கச்சேரியை ஒரே கோணத்தில் எடுத்த வீடியோவில்தான் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

அங்கே சரியாக 16தான் வேண்டும் என்றால், தையற்காரர் போல ஒட்டுப் போட வேண்டும். 16 முதல் 20 வரையிலான 100 ஃபிரேமை மட்டும் மறுபடி என்கோட் செய்து, 20 முதல் 24 வரை அப்படியே காப்பி எடுத்து, இரண்டையும் இணைப்பது. லாஸ்லெஸ்கட் என்ற இலவசச் செயலி இதை ‘ஸ்மார்ட் கட்’ என்ற பெயரில், இன்னும் சோதனை நிலையில்தான், தருகிறது. புதுத் துணியும் பழைய துணியும் ஒரே தறியில் நெய்ததாக இருக்க வேண்டும்: அதே கோடெக், அதே அளவு, அதே உள் அமைப்புகள். கொஞ்சம் மாறினாலும் சில பிளேயர்களில் தையல் விழுந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறும், அல்லது உறையும். அதனால் இணைத்த பிறகு அந்த நொடியை மட்டுமாவது ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும். வீடியோவை உருவாக்குவதே நீங்கள் என்றால் இந்தத் தையலே வேண்டாம். என்கோட் செய்யும்போது `-force_key_frames 16` என்று சேர்த்தால் 16இல் ஒரு கீஃபிரேம் விழும்.

கடைசியாக, கதவின் இடுக்கு வழியே தெரியும் ஒரு காட்சி. முதலில் வெட்டிய கட்டளையில் `cut.mkv`க்குப் பதில் `cut.mp4` என்று எழுதிப் பாருங்கள். பல பிளேயர்களில் எண் 16இல் சரியாகத் தொடங்கும், நீளம் 8 நொடி! கீஃபிரேம் விதி மாறிவிட்டதா? இல்லை. 10 முதல் 16 வரையிலான படம் அந்த ஃபைலுக்குள் அப்படியே இருக்கிறது. ‘இதைக் காட்டாதே’ என்று ஒரு குறிப்பு மட்டும் கூடவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு எடிட் லிஸ்ட் என்று பெயர். அந்தக் குறிப்பை மதிக்காமல் திறந்தால் எல்லாம் தெரியும்:

```
ffplay -ignore_editlist 1 cut.mp4
```

10 என்ற எண் மறுபடி திரையில் வந்து நிற்கும். பிறர் பார்க்கக் கூடாது என்று நீங்கள் வெட்டியதாக நினைத்த நொடிகளும் இப்படித்தான் உள்ளே இருக்கும். ஒரு கிளிப்பை இப்படி வெட்டி யாருக்காவது அனுப்பும் முன், தயவுசெய்து இந்த ஒரு வரியை அடித்துப் பார்த்துவிடுங்கள்.