பழைய கல்யாண வீடியோவில் முகம் ஏன் உப்பித் தெரிகிறது?

1990களில் எடுத்த கல்யாணக் கேசட்டை பென்டிரைவில் ஏற்றி இன்றைய டிவியில் போட்டால், பல வீடுகளில் மணப்பெண் முகம் உப்பி, எல்லோரும் குட்டையாகத் தெரிவார்கள். கேமராமேன் மீது தப்பில்லை. அவர் எடுத்த படத்தின் அகலம் 4 என்றால் உயரம் 3. இன்றைய திரையோ 16க்கு 9. பக்கங்களைக் காலியாக விட மனமில்லாமல், படத்தை அகலவாக்கில் மூன்றில் ஒரு பங்கு இழுத்திருக்கிறார்கள்.

இழுத்தது ஃபைலா, டிவியா என்று முதலில் பாருங்கள். டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றியதும் முகம் சரியானால், ஃபைலை அப்படியே விட்டுவிடலாம். சந்தேகமிருந்தால் மண்டபத்துச் சுவர்க்கடிகாரம் நேராகத் தெரியும் காட்சியில் நிறுத்தி, திரையில் ஸ்கேல் வைத்து அளங்கள். அகலமும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மாற்றித் தருபவரிடம் சொல்ல வேண்டிய அளவு இதுதான்: 1920க்கு 1080 திரையில் படம் 1440க்கு 1080 ஆக நடுவில் உட்கார வேண்டும். இரு பக்கமும் 240 புள்ளிகள் மிஞ்சும். அந்த இடத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

மேலும் கீழும் வெட்டித் திரையை நிரப்பலாம். ஆனால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். தாலி கட்டும்போது பின்னால் நிற்கும் பெரியவர்களின் தலைக்காக மேல்பக்கம் வேண்டும். அம்மி மிதித்து மெட்டி போடும்போது கால்விரலுக்காகக் கீழ்ப்பக்கம் வேண்டும். ஒரே இடத்தில் வெட்டினால் இரண்டில் ஒன்று போகும். காட்சிக்குக் காட்சி வெட்டும் இடத்தை நகர்த்த பொறுமையுள்ள எடிட்டர் வேண்டும். அப்படிச் செய்தாலும், ஏற்கெனவே மங்கலான கேசட் படம் பெரிதாகி இன்னும் மங்கும்.

அதே படத்தைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பின்னால் வைப்பது இப்போது வழக்கம். 60ஆம் கல்யாணத்தில் பெரிய திரையில் போட அது பொருத்தம்தான். ஆனால் ஃப்ளாஷ் அடிக்கும்போதெல்லாம் ஓரங்களும் பளிச்சிட்டு கண்ணை இழுக்கும். பின்படத்தின் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொல்லுங்கள். மணமக்களின் ஸ்டில் போட்டோவை ஓரத்தில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பூ வேலைப்பாடு போட்ட பார்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை முகத்தோடு போட்டி போடும்.

வீட்டில் உட்கார்ந்து பார்க்க வெறும் கறுப்புப் பட்டையே நல்லது. பத்து நிமிடத்தில் கண் அதை மறந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஓரம் நிரப்பாத, வெட்டாத 4:3 ஃபைலைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிய படத்திலிருந்து போன தலையையும் காலையும் திரும்ப எடுக்க முடியாது.