புட்டியைச் சுற்றி ஒரு பெயர்

ராயபுரத்தில் வெயிலுக்கு இதமாக ஒரு கோலி சோடா வாங்கிக் குடிக்கிறீர்கள். குடித்து முடித்ததும் புட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இங்கிலாந்துக்காரரான ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. ஐஸ் தண்ணீரில் ஊறினால் காகித லேபிள் உரிந்துவிடுமல்லவா? அதனால்தான் பழைய புட்டிகளில் சோடாக் கம்பெனியின் பெயரைக் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும்படி வார்த்தார்கள். அந்தப் பெயர் தெளிவாக இல்லையென்றால் யாருடைய புட்டி யாரிடம் போய்ச் சேரும்?

உருண்டையான புட்டியில் எழுதுவது சுலபமா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். 6 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள டப்பா ஒன்றின் சுற்றளவு 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காகிதத்தில் ‘ராயபுரம்’ என்று 9 சென்டிமீட்டர் நீளத்துக்கு எழுதி அதன்மேல் ஒட்டுங்கள். நேரே பார்த்தால் நடுவிலுள்ள ‘ய’வும் ‘பு’வும் ‘ர’வும்தான் தெரியும், முதல் ‘ரா’வும் கடைசி ‘ம்’மும் ஓரத்தில் வளைந்து கோடாகிப் போகும். அதே பெயரை 5 சென்டிமீட்டரில் எழுதி ஒட்டினால் ஓர எழுத்தும் தன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தெரியும், தடையில்லாமல் படிக்கலாம். பெயர் நீளமானால் அதை இரண்டு வரியாக்குவதே வழி.

ஓரத்துக்குப் போகாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. புட்டி வார்க்கும் அச்சு இரண்டு பாதிகளாக, புத்தகம் போலத் திறக்கும். அதன் உட்புறத்தில் பெயரைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக மாற்றிக் குடைந்திருப்பார்கள். அச்சு விலகும்போது நடு எழுத்துகள் நேராகக் கழன்றுவிடும். இரு பாதிகளும் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள எழுத்துகளோ அச்சில் சிக்கிக்கொள்ளும், விளிம்பு சிதையும். ஆகையால் குடைவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, பக்கங்கள் சாய்வாக இருக்க வேண்டும்.

தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. பழுக்கக் காய்ந்த கண்ணாடி, அச்சின் உலோகத்தைத் தொட்டதுமே இறுகத் தொடங்கிவிடும். மிகச் சிறிய குழிக்குள் அது முழுவதும் புகாது. ‘ம்’மின் புள்ளி மறைந்தால் ‘ராயபுரம்’, ‘ராயபுரம’ ஆகிவிடும்! புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே குடைய வேண்டியிருக்கிறது.

புட்டியின் சரிந்த தோளில் எழுதினால் கணக்கே வேறு. வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள், அதன் காகிதம் விசிறி போல விரியும். அதில் நேர்க்கோட்டில் எழுதி, கூர்முனை மேலே இருக்கும்படி மறுபடி சுருட்டினால் பெயரின் இரு முனைகளும் மீசை போலத் தொங்கும். விசிறியின் வளைவோடு வளைத்து எழுதினால்தான் பெயர் நேராக நிற்கும்.

அடுத்த முறை புடைப்பெழுத்துள்ள புட்டி கிடைத்தால் அதன்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எந்த எழுத்து மழுங்கியிருக்கிறதென்று காகிதம் சொல்லிவிடும்!